ஒரே படத்தைக் கட்டளைகளால் திரும்பத் திரும்பத் திருத்தினால் முகம் ஏன் வேறாகிவிடுகிறது?

அட்டைப்படம்

ஒரு இதழின் அட்டைக்காக 4000×3000 அளவில் எடுத்த புகைப்படம் ஒன்று கையில் இருக்கிறது. ஜன்னலோரம் அமர்ந்து படிக்கும் பெண், கட்டம் போட்ட சட்டை, பின்சுவரில் கடிகாரம், மேசையில் ஒரு கோப்பை. எழுத்தால் கட்டளை கொடுத்தால் படத்தைத் திருத்தித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் இதைக் கொடுத்து, ஆசிரியர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக மாற்றினேன். முதலில் கோப்பையை நீக்கச் சொன்னேன். வந்த படத்தையே திரும்பக் கொடுத்து, நீலத் திரைச்சீலையைப் பச்சையாக்கச் சொன்னேன். பிறகு மாலை வெளிச்சம். ஆசிரியர் மனம் மாறியதால் மீண்டும் பகல் வெளிச்சம். கடைசியாக ஜன்னல் விளிம்பில் ஒரு செடி.

ஒவ்வொரு படியிலும் வந்த படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூலப் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது அதே பெண் இல்லை. தாடை மெலிந்திருக்கிறது, தோல் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது, நிறம் ஆரஞ்சு பக்கம் சாய்ந்திருக்கிறது. சட்டையின் கட்டங்கள் நெளிந்துவிட்டன. கடிகார எண்கள் எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கல்களாகியிருக்கின்றன. முகத்தையோ சட்டையையோ கடிகாரத்தையோ தொடும்படி ஒரு கட்டளைகூட நான் கொடுக்கவில்லை. எந்தப் படியில் கெட்டது, எப்படிக் கண்டுபிடிப்பது?

பழையகேமரா

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஜேபெக் கோப்பைத் திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் தகவல் இழப்பு. தலைமுறை இழப்பு என்று நாங்கள் பல காலமாகச் சொல்லிவருவது இதைத்தான். எல்லாப் படியிலும் பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள், பிரச்சினை தீரும்.

அட்டைப்படம்

எல்லாம் பிஎன்ஜிதான் ஐயா. தொடக்கம் முதலே.

தேன்சிட்டு

இதைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். செயற்கைப் படங்களைக் கொண்டே அடுத்த செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவித்தால், தலைமுறைக்குத் தலைமுறை அது சீரழிந்துகொண்டே போகும். இணையம் முழுக்க இப்போது அத்தகைய படங்கள்தான். அதனால்தான் எல்லா முகங்களும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் வருகின்றன.

நுண்துகள்

தேன்சிட்டு, நீங்கள் சொல்வது மாதிரியைப் பயிற்றுவிக்கும்போது நடப்பது. இங்கே மாதிரி மாறவே இல்லை. அதே மாதிரி, தான் கொடுத்ததையே மறுபடி வாங்கி வரைகிறது. இரண்டையும் கலக்க வேண்டாம்.

அட்டைப்படம், உங்கள் கேள்வியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கோப்பையை நீக்கச் சொன்னால் கருவி கோப்பையை மட்டும் நீக்கும் என்று நினைக்கிறீர்கள். அது அப்படிச் செய்வதில்லை. உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே, கோப்பை இல்லாத வேறொரு படத்தை முழுவதுமாகப் புதிதாக வரைந்து கொடுக்கிறது. முகம், கட்டம், கடிகாரம் எல்லாமே அந்த முதல் கட்டளையிலேயே மறுபடி வரையப்பட்டவை. ஆகவே கெட்ட படி என்று ஒன்றைத் தேடாதீர்கள். எல்லாப் படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிருக்கிறது. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது என்பதால்தான் ஒவ்வொன்றும் நன்றாக இருப்பதாகத் தோன்றியது.

இதில் இரண்டு தனித்தனி இழப்புகள் இருக்கின்றன. முதலாவது, வரைவதற்கு முன்பே நடப்பது. இந்த வகை மாதிரிகளில் பல, பிக்சல்களில் நேரடியாக வேலை செய்வதில்லை. வி.ஏ.இ. என்ற ஒரு பகுதி படத்தைச் சுருக்கி எண்களாக்குகிறது. வேலை முடிந்ததும் அதே பகுதி விரித்துப் படமாக்குகிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் 8×8 பிக்சல் கொண்ட ஒரு சதுரம் வெறும் 4 எண்களாகிவிடும். அதாவது 192 எண்கள் இருந்த இடத்தில் 4, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. பின்னால் வந்த ஃப்ளக்ஸ் போன்றவற்றில் 4 என்பது 16 ஆனது. அது பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதியை விரிக்கும்போது ஊகித்து நிரப்புகிறது.

உங்கள் படத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இந்தக் கருவிகள் பெரும்பாலும் பத்து லட்சம் பிக்சல் அளவில் வேலை செய்பவை. உங்கள் 4000×3000 படம் உள்ளே போகும்போது ஏறத்தாழ 1184×880 ஆகியிருக்கும். முகம் மூலத்தில் 600 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டால், இப்போது 180க்கும் குறைவு. சதுரக் கணக்கில் 22. ஒரு கண்ணுக்கு நான்கைந்து சதுரங்கள்தான் அகலம். கடிகாரத்தில் 60 பிக்சல் உயரம் இருந்த எண் 18 ஆகிவிட்டது, இரண்டு சதுரத்துக்குச் சற்று அதிகம். அந்த இரண்டு சதுரத்துக்குள் 8க்கும் 6க்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துவைக்க முடியாது. எண் போன்ற ஏதோ ஒன்று என்ற அளவில்தான் அது நிற்கும். அடுத்த சுற்றில் கருவி பார்ப்பது அந்த 'ஏதோ ஒன்றை'.

பழையகேமரா

இதுவும் சுருக்கிச் சேமிப்பதுதானே? பெயர் வேறு, கதை ஒன்று.

நுண்துகள்

பாதி சரி. ஆனால் அந்த மறுபாதியில்தான் சுவாரசியம் இருக்கிறது. ஜேபெக் கோப்பை அதே தரத்தில், வேறெந்த மாற்றமும் செய்யாமல் மறுபடி மறுபடி சேமித்துப் பாருங்கள். முதல் சில முறைக்குப் பிறகு அது அநேகமாக அப்படியே நின்றுவிடும். ஏனென்றால் அதே 8×8 கட்டம், எண்களை அதே விதமாகத் தோராயமாக்கல். ஏற்கெனவே தோராயமாக்கிய எண்ணை மறுபடி தோராயமாக்கினாலும் அதேதான் வரும். இடதுபுறம் மூன்று பிக்சலை வெட்டிவிட்டுச் சேமித்தால் கட்டம் நகர்ந்து, இழப்பு மறுபடி தொடங்கும். ஜேபெக்குக்கு ஓய்விடம் என்று ஒன்று உண்டு.

கட்டளைத் திருத்தத்துக்கு அது இல்லை. இதுதான் நான் சொல்லவந்த இரண்டாவது இழப்பு. வி.ஏ.இ. ஒரு துளியும் இழக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மாதிரி ஒவ்வொரு முறையும் தற்செயலான புள்ளிகளாலான இரைச்சலிலிருந்து தொடங்கி ஒரு புதிய படத்தை உருவாக்குகிறது. முந்தைய படம் அதற்கு ஒரு வழிகாட்டி மட்டுமே. அந்தப் பெண் யார் என்று அதற்குத் தெரியாது. கடைசியாகப் பார்த்த முகம்தான் தெரியும். அதில் தாடை ஒரு மயிரிழை மெலிந்திருந்தால் அதுவே அடுத்த சுற்றுக்கு உண்மை. மூலத்தை நோக்கித் திரும்ப இழுக்கும் விசை எதுவும் இல்லை. மாறாக, மாதிரிக்குப் பழக்கமான முகத்தை நோக்கி இழுக்கும் விசை இருக்கிறது: வழவழப்பான தோல், இருபுறமும் ஒத்த கண்கள், கூடுதல் மாறுபாடு. தேன்சிட்டு சொன்ன 'ஒரே அச்சு' வந்துசேரும் வழி இதுதான்.

பல சுற்றுத் திருத்தம் படத்தைக் கெடுக்கும் என்று ஃப்ளக்ஸ்.1 கான்டெக்ஸ்ட் என்ற கட்டளைத் திருத்த மாதிரியை 2025இல் வெளியிட்டவர்கள் தங்கள் அறிக்கையிலேயே குறைபாடாக எழுதியிருக்கிறார்கள். முகம் எவ்வளவு விலகுகிறது என்பதை முக ஒப்புமை அளவீட்டால் சுற்றுக்குச் சுற்று வரைபடமாகவும் காட்டியிருக்கிறார்கள். செய்பவர்களுக்கே தெரிந்த விஷயம் இது.

ஏணிப்படி

என் கதையைச் சொல்கிறேன். பழைய பள்ளிக் குழுப் படம், நான்கு வரிசையில் மாணவர்கள். நடுவில் மடிப்பு விழுந்த கோட்டை நீக்கச் சொன்னேன், அவ்வளவுதான். ஒரே ஒரு கட்டளை. கோடு போய்விட்டது, கூடவே கடைசி வரிசையில் இருந்த அத்தனை பேரும் போய்விட்டார்கள்! அதாவது ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் யாரையும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அப்போது எத்தனை சுற்று என்பது ஒரு பொருட்டே இல்லையே?

நுண்துகள்

சிறிய முகங்களுக்கு ஒரு சுற்றே போதும் என்பது உண்மை. கடைசி வரிசை முகம் உள்ளே போகும்போது 24 பிக்சல் அகலம்தான் என்றால் அது மூன்று சதுரம். மூன்று சதுரத்தில் ஒரு மனிதரின் அடையாளத்தை வைக்க முடியாது. பெரிய முகம் படிப்படியாக விலகும், சிறிய முகம் முதல் அடியிலேயே விழும்.

வி.ஏ.இ. மட்டும் எவ்வளவு கெடுக்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க விரும்புபவர்கள், எந்தக் கட்டளையும் இல்லாமல் சுருக்கி விரிப்பதை மட்டும் சுழலவிட்டுப் பார்க்கலாம்:

```python
import torch
from diffusers import AutoencoderKL
from diffusers.image_processor import VaeImageProcessor
from diffusers.utils import load_image

vae = AutoencoderKL.from_pretrained("stabilityai/sd-vae-ft-mse")
p = VaeImageProcessor()
x = p.preprocess(load_image("a.png"))
with torch.no_grad():
    for i in range(10):
        z = vae.encode(x).latent_dist.mode()
        x = vae.decode(z).sample.clamp(-1, 1)
p.postprocess(x)[0].save("b.png")
```

a.png பெரிய படமாக இருந்தால் முதலில் 1024 அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நினைவகம் போதாது. இது பழைய 4 எண் வகை. கெடுதல் வேகமாகத் தெரியும். b.pngஇல் முதலில் எழுத்துகளையும் சட்டையின் கட்டங்களையும் பாருங்கள். மங்கலான பின்னணியில் ஒன்றும் தெரியாது, அங்கே இழக்க எதுவும் இல்லை.

சுருள்வில்

அப்படியானால் ஏன் விரிக்க வேண்டும்? படம் உருவாக்கும் கம்ஃபி மென்பொருளில் நான் விரிக்காமலேயே சுருக்க வடிவத்தை `SaveLatent` கொண்டு சேமித்து, அதையே அடுத்த சுற்றுக்குக் கொடுக்கிறேன். கட்டங்கள் முன்பைவிட நன்றாக நிற்கின்றன. ஆனால் ஆரஞ்சுச் சாய்வு அப்படியேதான் வருகிறது. எனவே அந்த நிறச் சாய்வு வி.ஏ.இ.யின் வேலை இல்லை என்பது என் கருத்து. மாதிரியின் ரசனை அது. பயிற்சியில் இளஞ்சூடான நிறப் படங்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும்.

நுண்துகள்

விரிக்காமல் அனுப்புவது முதல் இழப்பைத் தவிர்க்கும், இரண்டாவதைத் தவிர்க்காது. முகம் விலகுவது தொடரும். நிறச் சாய்வு பற்றி நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் உங்கள் சோதனை அதை முடிவுசெய்யவில்லை. நான் பார்த்தவற்றில் ஒரு கருவி மஞ்சள் பக்கமும் இன்னொன்று சிவப்பு பக்கமும் சாய்கின்றன. சில வி.ஏ.இ.க்கள் வெறும் சுருக்கி விரித்தலிலேயே நிறத்தைச் சற்று நகர்த்துகின்றன. ஒரே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுருள்வில்

அதே வி.ஏ.இ., வேறு மாதிரி என்று இரண்டை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். செய்துவிட்டு எழுதுகிறேன். ரசனைதான் என்பதில் நான் இப்போதைக்குப் பின்வாங்கவில்லை.

அட்டைப்படம்

எனக்கு இன்னொன்று புரியவில்லை. மாலை வெளிச்சம் வேண்டாம் என்றதும் 'பழையபடி பகல் வெளிச்சமாக்கு' என்று எழுதினேன். பகல் வந்தது, ஆனால் மூலத்தில் இருந்த பகல் வரவில்லை. கன்னத்தில் நிழல் விழுந்த பக்கமே மாறிவிட்டது.

நுண்துகள்

'பழையபடி' என்று நீங்கள் எழுதியது கருவிக்கு ஒரு பகல்நேரப் படம் வேண்டும் என்ற கோரிக்கை மட்டுமே. அதன் கையில் கொடுத்திருப்பது மாலைப் படம் ஒன்றுதான். மாலை வெளிச்சம் விழுங்கிய நிழலும் திரைச்சீலை மடிப்பும் அந்தப் படத்தில் இல்லை. இல்லாததை அது எங்கிருந்து எடுக்கும்? ஒரு பகலைக் கற்பனை செய்து வைத்தது. திருத்தத்தை ரத்துசெய்வது என்றால் முந்தைய கோப்புக்குத் திரும்புவது, வேறு வழி இல்லை. ஆசிரியர் மனம் மாறியதும் மாலைக்கு முந்தைய கோப்பை எடுத்திருந்தால் இரண்டு தலைமுறை மிச்சமாகியிருக்கும்.

உரையாடல் வடிவக் கருவிகளில் இன்னொரு சிக்கல்: அதே உரையாடலில் 'முதல் படத்துக்குப் போ' என்று எழுதினால் அது உள்ளே எந்தப் படத்தைப் பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது. புதிய உரையாடலைத் திறந்து மூலப் படத்தை மறுபடி ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

பழையகேமரா

சரி, பிஎன்ஜி போதாது என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எது கெட்டது என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா? அளவுகோல் ஏதாவது உண்டா?

நுண்துகள்

எண்ணாக அளக்கலாம், ஆனால் இதற்குக் கண்ணே மேல், சரியான வழியில் பார்த்தால். படத் திருத்த மென்பொருளான கிம்ப்பில் மூலத்தைக் கீழ் அடுக்காகவும் திருத்திய படத்தை அதே அளவுக்குக் கொண்டுவந்து மேல் அடுக்காகவும் வைத்து, மேல் அடுக்கின் முறையை `Difference` ஆக்குங்கள். ஒத்த இடம் கறுப்பாகும், மாறிய இடம் ஒளிரும். மங்கலாக இருந்தால் `Levels` கொண்டு தூக்கிப் பாருங்கள்.

கருவி உண்மையில் கோப்பையை மட்டும் தொட்டிருந்தால் கோப்பையின் இடம் மட்டும் ஒளிர வேண்டும். அப்படி இருக்காது. படம் முழுக்கப் பொருள்களின் விளிம்பில் மெல்லிய கோடுகள் ஒளிர்ந்தால், படம் ஓரிரு பிக்சல் நகர்ந்திருக்கிறது அல்லது பெரிதாகியிருக்கிறது. சில கருவிகள் பக்க அளவை 16இன் மடங்காக்க ஓரத்தை வெட்டும். நீங்கள் அதை மறுபடி பழைய அளவுக்கு இழுத்து அனுப்பினால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உள்ளே நெருங்கும். சட்டை, தலைமுடி, புத்தக முதுகு போன்ற இடங்களில் மட்டும் பொடிப்பொடியாக ஒளிர்ந்தால் அது சுருக்கியதால் வந்த இழப்பு. வெறுமையான சுவர்கூட ஒரே சீராக ஒரு நிறத்தில் ஒளிர்ந்தால் நிறம் சாய்ந்திருக்கிறது. முகத்தில் கண், வாய் விளிம்புகள் மட்டும் ஒளிர்ந்து சுற்றியுள்ள விளிம்புகள் கறுப்பாக இருந்தால், முகம் மறுபடி வரையப்பட்டிருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது, ஏனென்றால் தனியாகப் பார்த்தால் அந்த முகம் அழகாகவே இருக்கும்.

அட்டைப்படம்

பார்த்தேன். கோப்பையை நீக்கிய முதல் படத்திலேயே எல்லா விளிம்பும் ஒளிர்கிறது, சுவரும் லேசாக. இனி என்ன செய்வது? ஆசிரியர் இன்னும் மாற்றங்கள் கேட்பார்.

நுண்துகள்

முகம் அந்தக் கருவிக்குள் போகவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை இருக்கும் பகுதியை மட்டும் இமேஜ்மேஜிக் கொண்டு மூலத்திலிருந்து வெட்டுங்கள்:

```
magick original.png -crop 1024x1024+2600+1700 +repage crop.png
```

இந்தத் துண்டு கருவியின் அளவுக்கே பொருந்துவதால் சுருங்காது. கோப்பையை நீக்கியதும் அந்தத் துண்டை patch.png என்று சேமித்து, அதையும் முதலில் `Difference` கொண்டு பாருங்கள். நகர்ந்திருந்தால் சரிசெய்து, 1024×1024 அளவிலேயே அதே இடத்தில் ஒட்டுங்கள்:

```
magick original.png patch.png -geometry +2600+1700 -composite out.png
```

அப்படியே ஒட்டினால் சதுரத்தின் விளிம்பு தெரியும். கிம்ப்பில், மேல் அடுக்கு எங்கே தெரிய வேண்டும் என்று குறிக்கும் அடுக்கு முகமூடி போட்டு, கோப்பையும் அதன் நிழலும் இருந்த இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டு, ஓரத்தை மங்கலாக்கிவிடுங்கள். நிழலை மறக்க வேண்டாம்; கோப்பை இல்லாத மேசையில் கோப்பையின் நிழல் மட்டும் கிடந்த அட்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

செடிக்கும் இதே வழி. அதையும் மூலத்திலிருந்து தனியாக வெட்டி, தனியாகத் திருத்தி, தனி அடுக்காக வையுங்கள். அப்போது எந்தத் திருத்தமும் இன்னொன்றின் மேல் ஏறாது, ஆசிரியர் செடி வேண்டாம் என்றால் அந்த அடுக்கை அணைத்தால் போதும்.

ஏணிப்படி

கருவியிலேயே முகமூடி வரைந்து அந்த இடத்தை மட்டும் மாற்றும் வசதி இருக்கிறதே, அது போதாதா?

சுருள்வில்

போதாது, பல கருவிகளில். முகமூடிக்கு வெளியே புதிதாக வரையாது, ஆனால் வெளியிலும் முழுப் படமும் சுருங்கி விரிந்துதான் வரும். கம்ஃபியில் `ImageCompositeMasked` வைத்து மூலப் பிக்சல்களைத் திரும்ப ஒட்டினால்தான் வெளிப்பகுதி உண்மையிலேயே தொடப்படாமல் இருக்கும். உங்கள் குழுப் படத்தின் மடிப்புக் கோட்டுக்கு அதுவே போதும். கோட்டின் மேல் இல்லாத எந்த முகமும் கெடாது.

பழையகேமரா

திரைச்சீலைக்கு இந்தக் கருவியே எதற்கு? தேர்வு செய்து நிறத்தை மாற்றுவது நாங்கள் கையால் செய்த வேலை.

நுண்துகள்

இதில் நீங்கள் முழுக்கச் சரி. கருவியிடமிருந்து பச்சைத் திரைச்சீலை ஏற்கெனவே வந்திருந்தால், அதை மூலத்தின் மேல் அடுக்காக வைத்து முறையை `LCh Color` ஆக்கலாம். நிறம் மேல் அடுக்கிலிருந்தும் வெளிச்சமும் மடிப்பும் மூலத்திலிருந்தும் வரும்; துணியின் இழைகள் அப்படியே இருக்கும். ஆனால் வெளிச்சம் மூலத்தினுடையது என்பதால், கருநீலத்தை இதில் வெள்ளையாக்க முடியாது. நடுத்தர நீலத்திலிருந்து நடுத்தரப் பச்சைக்கு மாற்றுவதற்குப் பிரச்சினை இல்லை.

அட்டைப்படம்

கோப்பை, திரைச்சீலை, செடி மூன்றும் இந்த வழியில் முடிந்தன. முகமும் கடிகாரமும் மூலத்தில் இருந்த அதே பிக்சல்கள். ஆனால் ஆசிரியர் மறுபடி மாலை வெளிச்சம் கேட்கிறார். அது முகத்தின் மேலும் விழ வேண்டுமே? அதை எப்படி வெட்டி ஒட்டுவது?

நுண்துகள்

வெட்டி ஒட்ட முடியாது. எல்லா அடுக்குகளையும் சேர்த்து முடித்த படத்தைக் கருவிக்கு ஒரே ஒரு முறை கொடுத்து மாலைப் படம் வாங்குங்கள். அதை அப்படியே பயன்படுத்தாமல், பெரிய அளவில் மங்கலாக்கி, உங்கள் படத்தின் மேல் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் மட்டும் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, `Curves` கொண்டு கையால் அந்த இடத்துக்கு நெருங்குங்கள். ஜன்னல் பக்கக் கன்னத்துக்குத் தனி முகமூடி வேண்டும். வெளிச்சம் வரும் திசையே மாற வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால் இது உதவாது. புதிய நிழல்களைக் கையால் வரைய வேண்டியிருக்கும், இல்லையென்றால் முகம் ஒரு தலைமுறை இழப்பதை ஏற்க வேண்டும்.

சுருள்வில்

முகத்தை மட்டும் 1024 அளவில் பெரிதாக வெட்டி அதற்கு மாலை வெளிச்சம் கேட்டால்? அடையாளம் இன்னும் நன்றாக நிற்கும் என்று நினைக்கிறேன்.

நுண்துகள்

நிற்கும். ஆனால் அந்தத் துண்டில் ஜன்னல் தெரியாது என்பதால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் கட்டளையில் எழுத வேண்டும், எழுதினாலும் உடலின் வெளிச்சத்தோடு பொருந்துமா என்பது ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும். அட்டைப்படம், இரண்டு வழியையும் செய்து பார்த்துவிட்டு முகப் பகுதியின் `Difference` படங்களை இங்கே போடுங்கள்.